இரண்டு பக்கமும் பத்து சதவீதம்: ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்த்தது

கோவையில் மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் செய்து தரும் நண்பர் ஒருவர், ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பி, "அண்ணா, இதுல என்ன தப்பு? மூணு வாரமாச்சு, பதிலே வரல" என்று கேட்டிருந்தார். அந்த மின்னஞ்சல், அதே ஊரில் வீடுகளுக்கு சோலார் மாட்டித்தரும் ஒரு சிறு நிறுவனத்துக்கு அவர் எழுதியது. நீங்கள் எனக்கு ஆள் அனுப்புங்கள், நான் உங்களுக்கு ஆள் அனுப்புகிறேன், ஒருவருக்கொருவர் கமிஷன் கொடுத்துக்கொள்வோம் என்பதுதான் சாரம். இந்த வகைக் கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன், இரண்டொன்று எழுதியும் இருக்கிறேன். பெரும்பாலானவை பதில் இல்லாமல் சாகின்றன. ஏன் என்று ஒரு கடிதத்தையாவது முழுசாகப் பிரித்துப் பார்க்கலாமே என்று நினைத்தேன். நண்பர் சம்மதித்தார். பெயர்கள் இல்லை, எண்களைக் கணக்குப் போட வசதியாக உருட்டியிருக்கிறேன், கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் என் தமிழில் தருகிறேன்.

கடிதம் இப்படி ஆரம்பிக்கிறது: "நாங்கள் பதினோரு ஆண்டு அனுபவம் கொண்ட, கோவையின் முன்னணி வாட்டர் ப்ரூஃபிங் நிறுவனம்." அடுத்த பத்தி முழுக்க அவர்கள் பயன்படுத்தும் பூச்சுகளின் பிராண்ட் பெயர்கள். மூன்றாவது பத்தியில்தான் விஷயம் வருகிறது: "நம் இருவருக்கும் வாடிக்கையாளர்கள் ஒருவரே. எனவே பரஸ்பர நன்மைக்காக, பில் தொகையில் இருபுறமும் பத்து சதவீதம் என்ற நியாயமான ஏற்பாட்டை முன்மொழிகிறோம். தாங்கள் இதுவரை வேலை செய்த வாடிக்கையாளர்களின் பட்டியலைப் பகிர்ந்தால் உடனே தொடங்கலாம்." முடிவில் நன்றி, கையெழுத்து, ஒரு பிடிஎஃப் இணைப்பு.

முதல் இரண்டு பத்திகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிப்பவர் பூச்சு வாங்க வரவில்லை, அவ்வளவுதான். எனக்குச் சிக்கலாகப் பட்டது மூன்றாவது பத்தி. அதிலும் குறிப்பாக "நியாயமான" என்ற சொல்.

பத்துக்குப் பத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதில் பத்து? பில் தொகையில். நண்பரின் வழக்கமான வேலை ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி. சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் என்றால் பில் 50,000. பொருள், கூலி, வண்டி எல்லாம் போக அவர் கையில் நிற்பது சுமார் 12,000. சோலார்காரருடைய வழக்கமான வேலை மூன்று கிலோவாட். பில் 1,95,000. பேனல், இன்வெர்ட்டர், ஸ்ட்ரக்சர், கேபிள், நெட் மீட்டர் வேலைகள் எல்லாம் போக அவருக்கு நிற்பது 20,000 பக்கம் என்று அதே தொழிலில் இருக்கும் இன்னொருவர் எனக்குச் சொன்னார். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் விகிதம் இப்படித்தான்: சோலாரில் பில் பெரிசு, அதில் பெரும்பகுதி அப்படியே பேனல் கம்பெனிக்கும் இன்வெர்ட்டர் கம்பெனிக்கும் போய்விடுகிறது.

இப்போது பத்து சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். நண்பர் கொடுக்க வேண்டியது 5,000. அவர் லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. வலிக்கும், ஆனால் தாங்கும். சோலார்காரர் கொடுக்க வேண்டியது 19,500. அவர் லாபம் 20,000. அதாவது நண்பர் அனுப்பிய வீட்டில் அவர் மூன்று நாள் ஆள் வைத்து வேலை செய்து, மின்வாரியத்துக்கு அலைந்து, கடைசியில் ஐந்நூறு ரூபாயோடு வீட்டுக்குப் போக வேண்டும். இந்தக் கணக்கைப் போட அவருக்கு அரை நிமிடம் போதும். போட்டிருப்பார். மின்னஞ்சலை மூடியிருப்பார். பதில் எழுதி மறுப்பது மரியாதையில்லை என்று சும்மா இருந்திருப்பார். நம் ஊரில் பதில் வராததுதான் "வேண்டாம்" என்பதற்கான மரியாதையான வடிவம்.

நண்பரிடம் இதைச் சொன்னதும், "அப்ப லாபத்துல பத்து பர்சென்ட்னு போட்றலாமா?" என்றார். லாபத்தில் என்று போட்டால் ஒருவர் கணக்கை இன்னொருவர் திறந்து பார்க்க வேண்டும். அறிமுகமே ஆகாத இரண்டு பேர் அதைச் செய்யமாட்டார்கள், செய்யவும் வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, சதவீதத்தைச் சரிசெய்தாலும் அடியில் இன்னொரு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அது கடிதத்தில் எங்குமே இல்லை.

வாடிக்கையாளர் எந்த வரிசையில் வாங்குகிறார் என்பதுதான் அது. சோலார் மாட்ட நினைக்கும் ஒருவர் வீட்டுக்கு சோலார்காரர் அளவெடுக்க வருகிறார். மாடிக்கு ஏறுகிறார். தட்டோடு பெயர்ந்திருக்கிறது, கைப்பிடிச் சுவரோரம் விரிசல், கீழே படுக்கையறைச் சீலிங்கில் ஈரத் திட்டு. பேனலை மாட்டிவிட்டால் அதற்கு அடியில் பூச்சு வேலை செய்வது பெரும்பாடு. பேனலைக் கழற்றி மாட்ட வேண்டும், அதற்குத் தனிக் கூலி, யார் தலையில் என்று சண்டை. ஆகவே சோலாருக்கு முன்னால் வாட்டர் ப்ரூஃபிங். இது இயல்பான வரிசை. சோலார்காரர் ஒவ்வொரு மாடியிலும் நண்பருக்கான வேலையைக் கண்ணால் பார்க்கிறார், அதைச் சொல்ல அவருக்கு இயல்பான காரணமும் இருக்கிறது.

திருப்பிப் பாருங்கள். ஒழுகுகிறது என்று நண்பரைக் கூப்பிடுகிறவர் எரிச்சலில் இருக்கிறார். எதிர்பாராத ஐம்பதாயிரம் செலவு. அவரிடம் போய் "அப்படியே ரெண்டு லட்சத்துக்கு சோலார் போட்டுக்கங்க" என்றால் என்ன சொல்வார்? மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டுதான். ஆனால் அது சோலார் ஓடத் தொடங்கிய பிறகு வங்கிக் கணக்குக்கு வருவது, முதலில் கையிலிருந்தோ கடனாகவோ போட வேண்டும். நூற்றில் சிலர் கேட்பார்கள், மீதிப் பேர் "பாக்கலாம்" என்பார்கள்.

நண்பரை உட்காரவைத்து, உண்மையாக எத்தனை நடக்கும் என்று கேட்டேன். பேசிப் பேசி வந்த கணிப்பு: சோலார்காரர் மாதம் இருபது வீடு பார்த்தால் ஐந்தாறு மாடி மோசமாக இருக்கும். அதில் இரண்டு நண்பருக்கு வேலையாகும். எதிர்ப்பக்கம் மூன்று மாதத்துக்கு ஒரு சோலார் வேலை அனுப்பினால் அதிகம். அப்படியானால் மூன்று மாதத்தில் நண்பருக்கு ஆறு வேலை, சோலார்காரருக்கு ஒரு வேலை.

இதை வைத்துக்கொண்டு அவருடைய கடிதத்தின் நியாயத்தை எடை போட்டோம். மூன்று மாதத்தில் நண்பரின் ஆறு வேலை லாபம் 72,000. அதில் கமிஷன் 30,000 போக 42,000. சோலார்காரரிடமிருந்து வரும் 19,500-ஐச் சேர்த்தால் 61,500. சோலார்காரர் பக்கம்: வந்த கமிஷன் 30,000, சொந்த வேலையில் மிச்சம் 500. மொத்தம் 30,500. ஏறக்குறையப் பாதி. "இருபுறமும் பத்து" என்ற சமமான வாக்கியத்துக்குள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு ஒளிந்திருந்தது. நண்பர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. அவருக்கே இது தெரியாது. கணக்குப் போடாமல் "நியாயம்" என்று எழுதியதுதான் குற்றம்.

நான் சொன்னது: சதவீதத்தை விட்டுவிடுங்கள், நிலையான தொகை வையுங்கள். நண்பர் தருவது ஒரு வேலைக்கு 4,000, சோலார்காரர் தருவது 3,000. அப்போது மூன்று மாதத்தில் நண்பருக்கு 51,000, அவருக்கு 41,000. ஏறக்குறைய சமம் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணா, ஆறு மாடியில வெயில்ல நின்னு நான் வேலை வாங்கறேன். அஞ்சு வருஷம் வாரண்டி நான் எழுதித் தர்றேன். அவரு போன் நம்பர் குடுக்கறாரு. அதுக்கு ரெண்டு பேருக்கும் சமமா எப்படி வரும்?" நியாயமான கேள்வி. அறிமுகம் செய்தவருக்கும் வேலை செய்தவருக்கும் சமமாக வர வேண்டும் என்று எந்தத் தர்மமும் சொல்லவில்லை. நான் முடிவுத் தொகையைச் சமப்படுத்தப் பார்த்தேன், அது என் பிழை. கடைசியில் இருபக்கமும் ஒரே தொகை, வேலைக்கு 3,000 ரூபாய் என்று நின்றது. நண்பரின் லாபத்தில் நாலில் ஒன்று, அவருடையதில் ஏழில் ஒன்று. மூன்று மாதக் கணக்கில் நண்பருக்கு 57,000, அவருக்கு 35,000. இன்னும் இடைவெளி இருக்கிறது. அதை ரூபாயால் நிரப்ப வேண்டுமா, வேறெதனாலாவதா என்று யோசித்தபோதுதான் சோலார்காரருக்கு உண்மையில் எது வலி என்ற இடத்துக்கு வந்தோம்.

முதல் கடிதத்தின் பெரிய ஓட்டை இது. "நம் இருவருக்கும் வாடிக்கையாளர்கள் ஒருவரே" என்று எழுதியவர், இருவருக்கும் கூரையும் ஒன்றே என்பதை எழுதவில்லை. சோலார் ஸ்ட்ரக்சரின் கால்களைத் தளத்தில் நிறுத்த இரண்டு வழி வழக்கம். ஒன்று, தளத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட் முடுக்குவது. இன்னொன்று, மாடியின் மேல் கான்கிரீட் கட்டை போட்டு அதில் காலை நிறுத்துவது. நம்மூர் மாடிகளில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி, அதற்கு மேல் தட்டோடு. அல்லது புது வீடுகளில் கூலிங் டைல்ஸ். போல்ட் போடுகிறவர் இதையெல்லாம் துளைத்துக்கொண்டு போகிறார். துளையைச் சுற்றி சீலண்ட் வைப்பார்கள். காற்றில் பேனல் இழுபட்டு, கால் மிக நுட்பமாக ஆட ஆட, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் அந்த சீலண்ட் விடும். தண்ணீர் சுர்க்கிக்குள் இறங்கும். சுர்க்கி ஸ்பான்ஜ் மாதிரி, இறங்கின இடத்தில் ஒழுகாது, ஊறிப்போய் பத்தடி தள்ளி எங்கோ ஒரு விரிசல் வழியாகச் சீலிங்கில் வெளிவரும். அதனால்தான் எந்தத் துளை குற்றவாளி என்று யாராலும் விரல் நீட்ட முடிவதில்லை.

ஐப்பசி மழையில் சீலிங் நனைந்ததும் வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுவார்? கடைசியாக மாடியில் ஏறியவரை. சோலார்காரரை. மானியத் திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம் ஐந்து வருடம் பராமரிப்புக்குப் பொறுப்பு என்பதால் அவரால் போனை எடுக்காமல் இருக்கவும் முடியாது. அவர் "பூச்சு சரியில்ல" என்பார். வாட்டர் ப்ரூஃபிங் செய்தவரைக் கேட்டால் "ஓட்டை போட்டது அவங்க, வாரண்டி செல்லாது" என்பார். நண்பரின் வாரண்டி அட்டையைப் புரட்டிப் பார்த்தேன், அதே வரி அதிலும் இருக்கிறது: பூச்சின் மேல் பிறர் துளையிட்டால் வாரண்டி ரத்து. ஆக, சோலார்காரர் ஒரு வீட்டை இவரிடம் அனுப்பினால், இவர் பூச்சு போட்டுவிட்டுப் போவார், அவர் துளை போட்ட அந்த நொடியில் வாரண்டி செத்துவிடும். பத்து சதவீதம் இல்லை, ஐம்பது சதவீதம் கொடுத்தாலும் இந்தக் கூட்டு வாடிக்கையாளரை ஏமாற்றுகிற கூட்டுதான். தெரிந்து செய்யவில்லை என்பதால் வீட்டுக்காரர் சீலிங் காய்ந்துவிடப் போவதில்லை.

இங்கே நண்பர் கொடுக்கக்கூடியது பணத்தைவிடப் பெரிசு. சோலார்காரர் காலின் இடங்களை முன்கூட்டியே சாக்பீஸில் குறித்துக் கொடுத்தால், நண்பரின் ஆட்கள் அந்தந்த இடத்தில் தட்டோட்டை எடுத்துவிட்டு, தளத்தோடு பிணைத்து ஒரு அடிக்கு ஒரு அடி கான்கிரீட் பீடம் கட்டுவார்கள். போல்ட் அந்தப் பீடத்திலேயே முன்கூட்டிப் பதிந்திருக்கும். பீடம் காய்ந்த பிறகு, பூச்சைத் தரையிலிருந்து பீடத்தின் பக்கச் சுவர்களிலும் ஏற்றி அடிப்பார்கள். மூலையில் துணி வைத்து அடித்தால் அங்கே விரிசல் விடாது. பிறகு வடிகால் வாயை அடைத்து நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதனை. கீழே ஈரம் இல்லையென்றால் போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்வது. அதன் பிறகு சோலார்காரருக்குத் தளத்தில் ட்ரில்லிங் மெஷினே தேவையில்லை, நட்டு முடுக்கினால் போதும். வாரண்டி இருவருக்கும் உயிரோடு இருக்கும். எத்தனை கிலோ எடை, காற்றின் இழுப்புக்கு எத்தனை பீடம் என்பதை சோலார் பக்கத்து இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், அதை நண்பர் யூகிக்கக் கூடாது.

இன்னொன்று நேரம். மாடி ஒழுகுது என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் சோலாரைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்டவரில் பாதிப் பேர் வேறு விலை கேட்கப் போய்விடுகிறார்கள். இரண்டு நாளில் வந்து பார்த்து, ஒரு வாரத்தில் வேலையை முடிக்கும் ஒரு ஆள் கிடைத்தால் சோலார்காரரின் 20,000 காப்பாற்றப்படுகிறது. அது 3,000 ரூபாய்க் கமிஷனைப் போல ஏழு மடங்கு. நண்பரின் கடிதத்தில் அவர் எவ்வளவு சீக்கிரம் வருவார் என்று ஒரு சொல் இல்லை. பிராண்ட் பெயர்கள் மட்டும் ஒன்பது.

வாடிக்கையாளர் பட்டியல் கேட்டது பற்றி. அது எழுதவே கூடாத வரி. மானியத்துக்காக ஆதார், மின் இணைப்பு எண், வங்கிக் கணக்கு எல்லாம் நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பட்டியலை முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பும் சோலார்காரரை நீங்களே நம்பமாட்டீர்கள். அறிமுகம் என்பது ஒவ்வொருவராக, அவரவர் சம்மதம் கேட்டு நடக்க வேண்டியது.

கமிஷனுக்கே உள்ள இன்னொரு நோயும் கடிதத்தில் கண்டுகொள்ளப்படவில்லை. மாடி மோசம் என்று சொன்னால் 3,000 கிடைக்கும் என்றால், நல்ல மாடியும் மெல்ல மெல்ல மோசமாகத் தெரிய ஆரம்பிக்கும். மருத்துவர்கள் நோயாளியை அனுப்பிவைத்ததற்குக் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. பட்டயக் கணக்காளர்கள் வெளியாளோடு கட்டணத்தைப் பங்கு போடுவதை அவர்களுடைய 1949-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் முறைகேடு என்கிறது. (ஆகவே உங்கள் ஆடிட்டருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதிவிடாதீர்கள், அவர் தர்மசங்கடத்தில் நெளிவார்.) பூச்சு வேலைக்கும் சோலாருக்கும் அப்படித் தடை இல்லை. ஆனால் தடைக்குப் பின்னாலிருக்கும் காரணம் இங்கும் இருக்கிறது. நாங்கள் கண்டுபிடித்த மருந்து எளிமையானது: மாடி மோசமா இல்லையா என்பதை அனுப்புகிறவர் சொல்லக் கூடாது, "இவங்க வந்து பாப்பாங்க" என்று மட்டும் சொல்லலாம். நண்பர் பார்த்துவிட்டு வேலை தேவையில்லை என்றால் எழுத்தில் அப்படியே கொடுப்பார். 3,000 ரூபாய் பேச்சு இருப்பதை இருவரும் தங்கள் கொட்டேஷனின் அடியில் ஒரு வரியாகப் போடுவார்கள். சோலார்காரர் விரும்பினால் அந்தத் தொகையை வாங்காமல் வீட்டுக்காரர் பில்லிலேயே கழிக்கச் சொல்லலாம். எப்படித் தெரியும் இது கெட்டுப்போகிறது என்று? அனுப்பின வீடுகளில் "தேவையில்லை" என்று நண்பர் எழுதிக்கொடுத்தவை எத்தனை என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆறு மாதத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் யாரோ பொய் சொல்கிறார்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. கவரில் வைத்துக் கொடுப்பது வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. கமிஷனுக்கு பில் போட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதற்கு 18 சதவீதம் உண்டு. ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் கொடுத்த கமிஷன் 20,000-ஐத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 15,000 ஆக இருந்த வரம்பை 2025 ஏப்ரலில்தான் 20,000 ஆக்கினார்கள். தனிநபர் நடத்தும் தொழில் என்றால் முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால் மட்டுமே இந்தப் பொறுப்பு. எங்கள் கணக்குப்படி நண்பர் மூன்று மாதத்தில் 18,000 கொடுப்பார், ஆகவே ஆண்டில் வரம்பைத் தாண்டுவது நிச்சயம். ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவைத்துக்கொள்வது மேல்.

இத்தனையும் பேசி முடித்து நண்பர் எழுதிய இரண்டாவது மின்னஞ்சல் இது. நான் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன்.

"வணக்கம் சார். நான் மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங் செய்கிறேன். போன மாதம் பத்து சதவீதம் என்று ஒரு மெயில் போட்டிருந்தேன். அதை மறந்துவிடுங்கள், உங்கள் பில்லில் பத்து சதவீதம் என்றால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று பிறகுதான் புரிந்தது.

நீங்கள் அளவெடுக்கப் போகும் வீட்டில் மாடி சந்தேகமாக இருந்தால், வீட்டுக்காரர் சம்மதத்தோடு எங்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸப் செய்தி போடுங்கள். இரண்டு வேலை நாளில் நேரில் பார்க்கிறேன், காசு இல்லை. பூச்சு தேவையில்லை என்றால் அப்படியே எழுதித் தருகிறேன், உங்கள் வேலை நிற்காது. தேவையென்றால், உங்கள் ஸ்ட்ரக்சர் காலுக்கான பீடங்களையும் சேர்த்துக் கட்டி, பூச்சை அதன் மேல் ஏற்றி, நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீர் தேக்கிக் காட்டிவிட்டுத் தருகிறேன். தளத்தில் நீங்கள் துளை போடாதவரை என் ஐந்து வருட வாரண்டி உங்கள் பேனலுக்கு அடியிலும் செல்லும். ஒழுகினால் வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிட்டாலும் நான்தான் வருவேன்.

வேலை முடிந்து முழுப் பணம் வந்த பிறகு, ஒரு வீட்டுக்கு 3,000 ரூபாய் உங்களுக்கு, பில்லோடு. நான் அனுப்பும் வீட்டில் நீங்கள் சோலார் மாட்டினால் அதே 3,000 எனக்கு. என் பக்கத்திலிருந்து குறைவாகத்தான் வரும், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிமுகம் ஆன நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் ஆர்டர் வந்தால் கணக்கில் சேரும். ஏற்கெனவே உங்களிடமோ என்னிடமோ பேசிக்கொண்டிருப்பவர் என்றால் இரண்டு நாளுக்குள் சொல்லிவிடுவோம், அது கணக்கில் வராது. இந்த ஏற்பாட்டை இருவரும் கொட்டேஷனில் ஒரு வரி போட்டுத் தெரிவித்துவிடுவோம்.

முதலில் மூன்று மாதம் பார்ப்போம். பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி மெயில் போதும், அதுவரை அறிமுகமானவர்களுக்கான பாக்கியை மட்டும் தீர்த்துக்கொள்வோம். சரியென்றால் நீங்கள் இப்போது வேலை செய்யவிருக்கும் ஏதாவது ஒரு மாடியைக் காட்டுங்கள், பீடம் எங்கே எத்தனை என்று அங்கேயே பேசிவிடலாம்."

இதிலும் குறை இல்லாமல் இல்லை. பீடம் கட்டும் செலவு யாருடையது என்று சொல்லவில்லை. ஒன்பது பீடம் என்றால் அதற்கே சில ஆயிரம் ஆகும், அதை வீட்டுக்காரர் பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும். கான்கிரீட் காய ஒரு வாரம் விடவேண்டும் என்பதால் "ஒரு வாரத்தில் முடிப்பேன்" என்று சொல்ல முடியாமல் போய், அந்த வாக்கியத்தை நண்பர் எடுத்துவிட்டார். எடுத்தது சரி. ஆனால் எத்தனை நாள் என்று ஒரு எண் இருந்திருக்கலாம், சோலார்காரர் அதைத்தான் முதலில் தேடுவார். "ஒழுகினால் நான்தான் வருவேன்" என்பது தாராளமான வாக்கு. பீடம் போடாமல், பழைய முறையில் போல்ட் அடித்த வீட்டுக்கும் இதை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியது, சொன்னேன். "கேக்கட்டும், பாத்துக்கலாம்" என்றார். பத்து சதவீதக் கடிதம் எங்கே தவறியது என்று முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டது மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் எழுதியிருந்தால் அதை மறைத்திருப்பேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. மூன்றே வரி. 3,000 ரூபாய் பற்றி ஒரு சொல் இல்லை. "பீடம் ஐடியா நல்லா இருக்கு. வடவள்ளியில ஒரு மாடி இருக்கு, சனிக்கிழமை வர்றீங்களா? அப்புறம், ஏற்கெனவே போல்ட் அடிச்சு மாட்டின நாப்பது வீடு இருக்கு, அதுல ஒழுகினா என்ன ரேட்?"

நண்பர் சனிக்கிழமை போகிறார். நாற்பது வீட்டுக்கு என்ன ரேட் சொல்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பேனலைக் கழற்றாமல் கால் ஓரம் மட்டும் அடித்துத் தருவதென்றால் வாரண்டி கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரு வருடமாவது கொடுத்தால்தான் மரியாதை என்பது அவர் கட்சி.